‘புரதச் சேர்க்கை’ என்று எழுதலாமா? பயிற்சிக்குப் பின் மதுவும் தசையும்

உடற்கல்வி ஆசிரியர், கோத்தகிரி:

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர்க் கால்பந்து இளைஞர்களுக்காக ஒரு துண்டறிக்கை எழுதுகிறேன். ஞாயிறு மாலை மேட்டில் ஏறி இறங்கி ஓடிய கையோடு, குளிருக்கு என்று ஆளுக்கொரு குவார்ட்டர் பிராந்தி குடிக்கிறார்கள். பயிற்சி தூண்டிவிட்ட தசை வளர்ச்சியை அது எப்படிக் குறைக்கிறது என்று சொல்ல வேண்டும். ‘மசில் புரோட்டீன் சிந்தசிஸ்’ என்பதற்கு ‘தசைப் புரதச் சேர்க்கை’ என்று போடலாமா?

சத்துணவு ஆலோசகர், ஊட்டி:

சரியான சொல்தான், ஐயா. மது உடலின் நீரை வெளியேற்றிவிடும். தண்ணீரும் நான்கு முட்டையும் சேர்த்துக்கொண்டால் இழப்பு ஈடாகிவிடும் என்றும் எழுதுங்கள்.

உடலியங்கியல் பேராசிரியர், கோவை:

நீரிழப்பு பற்றி அம்மா சொல்வது உண்மை. முட்டையால் ஈடாகும் என்பதை ஏற்க இயலவில்லை. ‘சேர்க்கை’ எனக்குப் பிடிக்காததற்கும் அதுவே காரணம். படிக்கிற பையன் அதை உணவில் புரதம் சேர்ப்பதாகவே எடுத்துக்கொள்வான்.

2014இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், எட்டு இளைஞர்கள் கால்களுக்கு எடைப் பயிற்சியும் சைக்கிள் பயிற்சியும் செய்தார்கள். முடிந்தவுடன் 25 கிராம் புரதம், நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு 25 கிராம். அதே ஆட்கள் வேறொரு நாளில் அதே பயிற்சியைச் செய்து, அதே புரதத்தோடு, உடல் எடையில் கிலோவுக்கு 1.5 கிராம் ஆல்கஹாலும் குடித்தார்கள். தொடைத் தசையில் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, புதிய புரதம் உருவாகும் வேகம் மது இல்லாத நாளைவிட 24 விழுக்காடு குறைந்திருந்தது. மதுவோடு புரதத்துக்குப் பதில் மாவுச்சத்து கொடுத்த நாளில் குறைவு 37 விழுக்காடு. புரதம் ஓரளவு கைகொடுத்தது, முழுதாக மீட்கவில்லை. உண்ட புரதத்தைத் தசையாக்கச் சொல்லும் எம்டார் என்ற சமிக்ஞையே மங்கிவிடுகிறது. செங்கல் வந்து இறங்கியிருக்கிறது, கொத்தனாருக்கு உத்தரவு போகவில்லை.

ஆகவே ‘தசைப் புரத ஆக்கம்’ என்பது என் பரிந்துரை.

தேயிலைத் தோட்ட மேற்பார்வையாளர், குன்னூர்:

பேராசிரியர் ஐயா, நாள் முழுக்கச் சரிவில் இலை மூட்டை சுமந்த பிறகு இரவில் கொஞ்சம் பிராந்தி குடித்தால் எனக்கு வலி தெரிவதில்லை. காலையில் வேலைக்குப் போய்விடுகிறேன். தசை பழுதாகியிருந்தால் முடியுமா? ‘வலி நிவாரணம்’ என்ற சொல்லும் அறிக்கையில் வர வேண்டும்.

உடற்கல்வி ஆசிரியர், கோத்தகிரி:

அண்ணா, வலி மரத்துப்போவது வேறு, தசை சீராவது வேறு. ‘நிவாரணம்’ என்று அச்சிட்டால் பிராந்தியை மருந்தாக்கிவிடுவார்கள். குளிருக்கு என்பதும் அப்படித்தான். தோலின் இரத்தக் குழாய்கள் விரிவதால் சூடு தெரிகிறது, உள்ளிருக்கும் வெப்பம் வெளியேறுகிறது.

பேராசிரியரிடம் ஓர் ஐயம். ஆய்வில் கொடுத்த அளவு நம் பையன்கள் குடிப்பதைவிட மிக அதிகமில்லையா? தலைப்பில் ‘ஆக்கத் தடை’ என்று போட நினைத்திருந்தேன்.

உடலியங்கியல் பேராசிரியர், கோவை:

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 180 மில்லி பிராந்தியில் 42.8 விழுக்காடு என்றால் ஆல்கஹால் ஏறத்தாழ 61 கிராம். 60 கிலோ எடையுள்ள பையனுக்குக் கிலோவுக்கு ஒரு கிராம். ஆய்வின் அளவை எட்ட அவன் சுமார் 265 மில்லி குடிக்க வேண்டும். எனவே 24 விழுக்காடு என்ற எண்ணை ஒரு குவார்ட்டருக்கு அப்படியே ஒட்டாதீர்கள்.

ஆனால் நியூசிலாந்தில் கிலோவுக்கு ஒரு கிராம் கொடுத்தே ஒரு சோதனை நடந்தது. தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கும் பயிற்சி அது. நீங்கள் சொல்லும் சரிவிறக்க ஓட்டத்தில் நடப்பதும் அதுவே. மது குடித்த தடவையில், 36 மணி நேரம் கழித்தும் வலு கூடுதலாகக் குறைந்திருந்தது. அரை கிராம் அளவில் அந்த வேறுபாடு தெரியவில்லை. அங்கே அளந்தது வலுவை, புரத ஆக்கத்தை அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘தடை’ வேண்டாம். மது குடித்த நாளிலும் புரத ஆக்கம் ஓய்வு நிலையைவிட உயர்ந்தே இருந்தது. உயர வேண்டிய அளவுக்கு உயரவில்லை. ‘ஆக்கத் தணிவு’ பொருந்தும்.

சத்துணவு ஆலோசகர், ஊட்டி:

முட்டை பற்றிச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஆனால் ‘தணிவு’ என்றால் காய்ச்சல் தணிந்ததுபோல நல்ல செய்தியாக ஒலிக்கிறதே? ‘ஆக்கக் குறைவு’ என்றால் எல்லோருக்கும் புரியும். அறிக்கை ஹாக்கி ஆடும் பெண்களுக்கும் போகுமென்றால் அவர்களுக்கும் இது பொருந்துமா?

உடலியங்கியல் பேராசிரியர், கோவை:

‘குறைவு’ எனக்கும் சம்மதம். அந்த எட்டுப் பேரும் ஆண்கள். 2017இல் வந்த வேறோர் ஆய்வில் எம்டார் சமிக்ஞை ஆண்களிடம் மங்கியது, பெண்களிடம் மங்கவில்லை. சமிக்ஞையை வைத்து மட்டும் ஆக்கத்தை முடிவு கட்ட முடியாது. பெண்களுக்கான அறிக்கையில் விழுக்காட்டு எண் எதையும் போடாதீர்கள்.

உடற்கல்வி ஆசிரியர், கோத்தகிரி:

‘தசைப் புரத ஆக்கக் குறைவு’ என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். ‘ஆக்கம்’ மாற வேண்டும் என்பவர்கள் வெள்ளிக்குள் எழுதுங்கள். குன்னூர் அண்ணா, சுமை இறக்கிய இரவுகளில் நீங்கள் குடிப்பது எத்தனை மில்லி என்று சொல்ல முடியுமா? உங்கள் எடையையும் சேர்த்து எழுதுங்கள்.