"அவரைப் பத்தி நீ என்ன நினைக்க?"ன்னு தோழி கேட்டா உள்ளதைச் சொல்லலாமா?

பாளை மலர்
என் நெருங்கின தோழிக்கு தை மாசம் நிச்சயம். மாப்பிள்ளை வண்ணார்பேட்டையில கடை வச்சிருக்கார், ரெண்டு வருசப் பழக்கம், ரெண்டு வீட்டுலயும் சம்மதம். "ஒளிக்காம சொல்லு, அவரைப் பத்தி நீ என்ன நினைக்க?"ன்னு கேக்கா. எனக்கு மனசுக்குச் சரியாப் படல. எங்க முன்னாலயே அவ போனை எடுத்து மெசேஜ் எல்லாம் பாக்கார். அவ நகை ஏழு பவுன் அவ பேர்லயே அடகுல இருக்கு, பணம் அவர் கடைக்குப் போச்சு. திருப்பித் தாரேன்னு சொன்ன தேதி மூணு தடவை தாண்டிட்டு. முன்னால ஒரு நிச்சயம் முறிஞ்சதாவும் கேள்வி. ஞாயித்துக்கிழமை வந்து சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன். என்ன சொல்ல?

டவுண் அண்ணாச்சி
சொல்லாதம்மா. நீ சொல்லுதது அன்னைக்கு ராத்திரியே அவன் காதுக்குப் போயிரும். ஒரு வாரம் முறைச்சிக்கிட்டு இருப்பாவ, அப்புறம் ஒண்ணு சேர்ந்துருவாவ. பொல்லாப்பு உனக்கு மட்டும் நிக்கும். "அவ சகவாசமே வேண்டாம்"னு அவன் ஒரு வார்த்தை சொன்னா உன் சிநேகிதமும் போச்சு. "உனக்குப் பிடிச்சா எனக்கும் சரி"ன்னு முடிச்சிரு.

ஆத்தங்கரை அக்கா
அண்ணாச்சி, அவன் காதுக்குப் போகும்னு சொன்னீங்களே, அது நூத்துக்கு நூறு சரி. ஆனா அதுக்காக வாயை மூட வேண்டாம். அவன் முன்னாலயே சொல்லக்கூடிய மாதிரி பேசினாப் போதும்.

மலர், "அவர் சரியில்லடி"ன்னு தொடங்கினா அவ உடனே அவருக்காகப் பேச ஆரம்பிச்சிருவா. பேசப் பேச அவ சொன்ன சமாதானத்தை அவளே நம்பிருவா. அதனால தீர்ப்பு சொல்லாத, கண்ணால பார்த்ததைச் சொல்லு. "அன்னைக்கு சாப்பிடுதப்ப அவர் உன் போனை எடுத்துப் பார்த்தார். நீ பேச்சை நிப்பாட்டிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்த. அது எனக்கு உறுத்திச்சு. உனக்கு எப்படி இருந்துச்சு?" இவ்வளவுதான். கேட்டுட்டு சும்மா இரு. அவ ஒரு காரணம் சொன்னா குறுக்கு விசாரணை பண்ணாத.

அதுக்கும் முன்னால ஒண்ணு கேளு: "இப்ப ஏன் கேக்க?" ரெண்டு வருசமா கேக்காதவ நிச்சயத்துக்கு முன்னால கேக்கான்னா, அவ மனசுக்குள்ளயே ஏதோ ஓடிக்கிட்டு இருக்கலாம். அப்படின்னா நீ நினைக்கதைச் சொல்லுததைவிட அவளைப் பேச விடுததுதான் முக்கியம்.

சமாதானபுரம் தம்பி
இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? அவரோட சிபில் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்க்கச் சொல்லுங்க. வருசத்துக்கு ஒரு தடவை அவரவர் ரிப்போர்ட்டை இலவசமாவே எடுக்கலாம். 750க்கு மேல இருந்தா ஆள் நல்லவர், கீழ இருந்தா வேண்டாம்.

ஆத்தங்கரை அக்கா
தம்பி, ரிப்போர்ட் கேக்கது நல்ல யோசனைதான். ஆனா அதுல பேங்க், பைனான்ஸ் கம்பெனி கடன்தான் வரும். கைமாத்து வராது, கந்துவட்டி வராது. கடை வச்சிருக்கவருக்கு நெருக்கடின்னா முதல்ல அங்கதான் போவார். இந்த நகைக் கடனும் அவ பேர்ல இருக்கதால அவ ரிப்போர்ட்லதான் நிக்கும், அவருது சுத்தமா இருக்கும்.

அம்பை மைந்தன்
நல்லபடியாப் பேசி முடிச்ச கல்யாணத்தை ஏன் கலைக்கப் பாக்கீங்க? அப்படியே சந்தேகம் இருந்தா நேரா அவ அப்பாகிட்டப் போய்ச் சொல்லுங்க. பெரியவங்க பார்த்துக்கிடுவாங்க.

பாளை மலர்
நான் கலைக்கக் கேக்கல அண்ணே. அவளா கேட்டிருக்கா, அவளுக்கு என்ன பதில் சொல்லன்னுதான் கேக்கேன். அடகு வச்சது அவ வீட்டுக்கே தெரியாது. நான் போய்ச் சொன்னா அதுக்கப்புறம் என்கிட்ட எதையுமே சொல்ல மாட்டா.

ஆத்தங்கரை அக்கா
சரியாச் சொன்ன. நகை விசயத்துக்கு வாரேன், இங்கதான் நீ அவளுக்கு உருப்படியா உதவ முடியும். இதுல நீ அபிப்பிராயமே சொல்ல வேண்டாம். "அடகுச் சீட்டைக் கொண்டு வா, சேர்ந்து பார்ப்போம்"னு சொல்லு. மூணு விசயம் பாருங்க: கெடு தேதி என்னைக்கு, வட்டி எது வரைக்கும் கட்டியிருக்கு, நோட்டீஸ் எந்த அட்ரசுக்கு வரும். அவ பேர்ல இருந்தா நோட்டீஸ் அவ வீட்டுக்குத்தான் வரும். கெடு தாண்டினா ஏலத்துக்குப் போறதும் அவ நகைதான். அவர் வாயால சொன்ன தேதியை பேங்க் கணக்குல எடுக்காது.

அப்புறம் அவ அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கட்டும்: நிச்சயத்துக்கு முன்னால நகையைத் திருப்பிக் கொடுங்க, முடியலைன்னா புரோநோட்டு எழுதி ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க. கேட்டதும் தரணும்னு எழுதுத நோட்டுக்கு எழுதின தேதியில இருந்து 3 வருசம் வரைக்கும் கோர்ட்டுக்குப் போகலாம், அதனால தேதி போடாம வாங்கிரக் கூடாது. கேட்டதும் அவர் என்ன செய்யுதார்னு பார்க்கணும். "சரி, கடையில சரக்கு தேங்கிட்டு, மாசம் இவ்வளவு கட்டுதேன்"னு கணக்கோட வந்தா அது வியாபாரக் கஷ்டம். "என்னை நம்பலையா? உன் பிரண்டுதான் சொல்லிக் கொடுத்தாளா?"ன்னு பேச்சைத் திருப்பினா, அதைவிட வெளிச்சமா நீ ஒண்ணும் சொல்லிர முடியாது.

டவுண் அண்ணாச்சி
கட்டிக்கப் போறவன்கிட்ட புரோநோட்டா? நம்ம ஊர்ல கேட்ட அன்னைக்கே பேச்சு முறிஞ்சிரும். தங்கச்சி பேர்தான் கெடும்.

ஆத்தங்கரை அக்கா
சங்கடம்தான், இல்லேங்கல. ஆனா பத்திரிகை அடிச்சு மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு கேட்டா இதைவிடச் சங்கடம். அப்ப ரெண்டு வீட்டு மானமும் சேர்ந்துக்கிடும், அவளால நினைச்சாலும் பின்வாங்க முடியாது. தைக்கு முன்னாலன்னா அவ கையில இன்னும் நேரம் இருக்கு.

சீவலப்பேரி ரோடு
ஆராய்ச்சியும் இதைத்தான் சொல்லுது. 1999ல டாரா மெக்டொனால்ட், மைக்கேல் ராஸ்னு ரெண்டு பேர் காதல்ல இருந்த கல்லூரி மாணவர்கள்கிட்ட "இது எவ்வளவு நாள் நிக்கும்?"னு கேட்டிருக்காங்க. பெத்தவங்க, ரூம்ல கூடத் தங்குதவங்ககிட்டயும் கேட்டிருக்காங்க. காதலிச்சவங்க சொன்னதைவிட மத்தவங்க சொன்னதுதான் சரியா இருந்துச்சு. அதனால மலர் தன் கண்ணை நம்பலாம், தைரியமா "வேண்டாம்"னே சொல்லலாம்.

ஆத்தங்கரை அக்கா
அவங்க கேட்டது எவ்வளவு நாள் நிக்கும்னு. ஆள் நல்லவரான்னு இல்ல. மோசமான கல்யாணமும் நம்ம பக்கம் நாப்பது வருசம் நிக்கும். "வேண்டாம்"னு சொல்லுத இடத்துல மலர் இல்ல. ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு தடவை சொல்லணும். அப்புறம் அவளா எடுக்காம திரும்ப எடுக்கக் கூடாது. "நீ என்ன முடிவு எடுத்தாலும் கல்யாணத்துல முன்னால நிப்பேன், எப்ப வேணும்னாலும் என்னைக் கூப்பிடலாம்"னு முடிச்சிரு. பின்னால ஒரு கஷ்டம்னு வந்தா, "நான் அப்பவே சொன்னேன்"பா இவன்னு பயந்து அவ உன்கிட்ட வராமப் போயிரக் கூடாது.

ஒண்ணுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அடிச்சிருக்கார், மிரட்டியிருக்கார்னு தெரிஞ்சா ஒரு தடவையோட நிப்பாட்டாத. 181ங்கிற பெண்கள் உதவி எண்ணையும் அவகிட்டக் கொடு.

பாளை மலர்
அடி, மிரட்டல் எல்லாம் இல்லக்கா. அந்த முறிஞ்ச நிச்சயத்தை என்ன செய்ய?

ஆத்தங்கரை அக்கா
விட்டுரு. நீ பார்த்ததில்ல. ஏன் முறிஞ்சுதுன்னு தெரியாது, பொண்ணு வீட்டுப் பக்கம் காரணமா இருந்திருக்கலாம். அந்த ஒண்ணு பொய்னு ஆச்சுன்னா நீ பார்த்துச் சொன்ன ரெண்டும் சேர்ந்து அடிபட்டுப் போகும்.

டவுண் அண்ணாச்சி
இதுல நான் ஒத்துக்கிட மாட்டேன். மத்ததைச் சொல்லலைன்னாலும் இதைச் சொல்லணும். ஊருக்கே தெரிஞ்சது அவளுக்கு மட்டும் தெரியாம இருந்தா, நாளைக்கு "உனக்குத் தெரிஞ்சும் மறைச்சிட்டியே"ன்னுதான் கேப்பா. "இப்படி ஒரு பேச்சு காதுல விழுந்துச்சு, நெசமான்னு எனக்குத் தெரியாது, நீ அவர்கிட்டயே கேட்டுக்கோ"ன்னு சொல்லலாமே?

ஆத்தங்கரை அக்கா
"யாரு சொன்னா?"ன்னு அவ திருப்பிக் கேப்பா அண்ணாச்சி. மலரால அந்தப் பேரைச் சொல்ல முடியுமா?

பாளை மலர்
முடியாதுக்கா. சொன்னவங்க அவருக்கே சொந்தம்.

டவுண் அண்ணாச்சி
சொந்தக்காரங்களே சொல்லுதாவன்னா அதுல ஏதோ இருக்கு.

ஆத்தங்கரை அக்கா
சொத்துத் தகராறும் இருக்கலாம்.