புழுங்கல் அரிசி என்றால் வயிறார சாப்பிடலாமா?

தேக்கா_முருகன்: பச்சரிசியை விட்டுப் புழுங்கலுக்கு மாறி ஒரு வருடம் ஆகிறது. நீரிழிவு உள்ளவர்கள் புழுங்கல் சோற்றை வயிறார சாப்பிடலாம், சர்க்கரை ஏறாது. எதற்கு இந்தப் பயம்?

செவிலி_கலா: அண்ணே, படித்ததும் கோபம்தான் வந்தது. நெல்லை ஊறவைத்து அவித்துக் காயவைக்கும்போது மாவுச்சத்து இறுகிப்போகிறது, அதனால் சில ரகங்கள் மெதுவாகச் செரிக்கும். அது உண்மை. ஆனால் ரகத்துக்கும் அவித்த விதத்துக்கும் ஏற்ப அது மாறும். "வயிறார" என்று யாருக்கும் சொல்லாதீர்கள்.

தேக்கா_முருகன்: நான் ஒரு வேளைக்கு ஒரு கப் அரிசிதான்.

செவிலி_கலா: எந்தக் கப்? குக்கரோடு வரும் கப் என்றால் 180 மில்லி, அதில் 150 கிராம் அரிசி பிடிக்கும். வெந்தால் இரண்டு கிண்ணம் சோறு, மாவுச்சத்து மட்டும் 110 கிராமுக்கு மேல்!

தேக்கா_முருகன்: கப் என்றால் கப்தான். எனக்குச் சர்க்கரை 7 மில்லிமோலுக்கு மேல் போனதில்லை.

தெம்பனிஸ்_ஜெயா: நீங்கள் இருவரும் தவறு. பழுப்பு அரிசிக்கு மாறுங்கள், தவிடு இருப்பதால் அளவே பார்க்க வேண்டாம்.

செவிலி_கலா: ஜெயா, தவிட்டில் நார்ச்சத்து இருக்கிறது, வெள்ளையைவிட நல்லதுதான். ஆனால் 100 கிராம் வெள்ளைச் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம், பழுப்பில் 25. அளவு பார்க்காமல் எப்படி?
அண்ணே, அந்த 7 எப்போது எடுத்தது?

தேக்கா_முருகன்: மதியம் 12-க்குச் சாப்பிட்டு 4 மணிக்கு விரலில் குத்திப் பார்ப்பேன்.

செவிலி_கலா: அதற்குள் ஏறியது இறங்கியிருக்கும். முதல் வாய் வைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்தில் குத்துங்கள். என் கணவருக்கும் புழுங்கல்தான். தட்டு நிறையச் சாப்பிட்டபோது 6.8-லிருந்து 13.9. தராசில் 150 கிராம் சோறு நிறுத்து, பாதித் தட்டு கீரையும் பீன்ஸும், ஒரு துண்டு மீனும் வைத்தபோது 9.6. அதே மூட்டை அரிசி!

ஈசூன்_ரவி: அக்கா, அம்மா இன்சுலின் போடுகிறார். போன வாரம் சோற்றைப் பாதியாக்கினோம், ராத்திரி வியர்த்துக் கை நடுங்கிவிட்டது. 3.4 காட்டியது.

செவிலி_கலா: தம்பி, ஊசி அளவு பழைய சோற்றுக்குப் போட்டது. நாளைக்கே பாலிகிளினிக்கில் இந்த எண்ணைக் காட்டு, அதுவரை சோற்றைக் குறைக்காதே.

தெம்பனிஸ்_ஜெயா: பார்த்தீர்களா, பழுப்பு அரிசியாக இருந்தால் இது நடந்திருக்காது. போன மாதம் இட்லி விவாதத்திலும் கலா என் பேச்சைக் கேட்கவில்லை.

செவிலி_கலா: இட்லிக்குப் புழுங்கலை மாவாக அரைத்துவிடுகிறோம், அரைத்தால் வேகமாகத்தான் செரிக்கும். அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன். ஜெயா, ரவிக்குப் பிரச்சினை ஊசி அளவு, அரிசி நிறம் இல்லை.

தேக்கா_முருகன்: எனக்கு 4 மணிக்கு 7 தான். 2 மணிக்கு எதற்குக் குத்த வேண்டும்?

செவிலி_கலா: ஒரே ஒரு நாள் 2 மணிக்குக் குத்தி, அந்த எண்ணை இங்கே போடுங்கள்.

தேக்கா_முருகன்: என் கப் என் கப்தான்.