வெள்ளை வெளேர் தேங்காய்ப் பொடியும் பையனின் வீசிங்கும்: உங்கள் அனுபவம் என்ன?

உடுமலை அத்தை

எங்களுக்கே ஐம்பது தென்னை இருக்கிறது. அப்படியிருந்தும் தேங்காய் துருவச் சோம்பல்பட்டு, போன மாதம் மளிகைக் கடையில் டி.சி. என்கிற உலர்த்திய தேங்காய்ப் பொடி கால் கிலோ வாங்கி பர்பி கிளறினேன். அண்ணன் மகனுக்கு எட்டு வயசு, சின்னதிலிருந்தே வீசிங் உண்டு. இரண்டு துண்டு சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகவில்லை, நெஞ்சில் கீச்கீச்சென்று சத்தம். டாக்டர் எழுதிக்கொடுத்த பம்பை அடித்ததும் தணிந்துவிட்டது. மறுநாள் அவரிடம் காட்டியபோது, "பர்பியில் என்ன போட்டீங்க, பாக்கெட் இருந்தா கொண்டு வாங்க" என்றார்.

குப்பைக் கூடையிலிருந்து பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். முன்பக்கம் தென்னை மரமும் 'தூய தேங்காய்' என்ற வரியும். பின்பக்கம் மடிப்புக்குள் போயிருந்த இடத்தில் 'தேங்காய், பதப்படுத்தி 223', அதற்குக் கீழே 'சல்பைட் உள்ளது'. மூக்குக்கண்ணாடி போட்டும் செல்போன் வெளிச்சத்தில்தான் படிக்க முடிந்தது. யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

காங்கயம் களத்துக்காரர்

நம்பர் போட்டாலே விஷம்தானுங்க அம்மிணி. எங்க பக்கம் களத்தில் கொப்பரைக்குக் கந்தகப் புகை போடுவதைச் சின்ன வயசிலிருந்தே பார்க்கிறேன், பூஞ்சை பிடிக்காது, வெள்ளையாக நிற்கும். டி.சி.யும் அதே கதைதான். மோந்து பார்த்தால் தீக்குச்சி வாடை வரும், அது வந்தால் தூக்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் வெந்நீரில் ஒரு அலசு அலசினால் எல்லாம் போய்விடும்.

பொள்ளாச்சி லேப்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு டி.சி. ஆலையின் லேபில் பதினான்கு வருஷம் இருந்தேன். அண்ணன் சொன்னதில் பாதி சரி, பாதி வேறு.

கொப்பரைக் களமும் டி.சி. ஆலையும் ஒன்றல்ல. டி.சி.க்குப் பச்சைத் தேங்காய்தான். தேங்காய்த் தொட்டியைத் தட்டி எடுத்து, பருப்பின் மேலுள்ள பழுப்புத் தோலைச் சீவி, தண்ணீர் வடித்துக் கழுவி, சூடு காட்டி, அரைத்து, ஈரம் மூன்று சதவீதத்துக்குக் கீழே வரும்வரை வெந்காற்றில் உலர்த்துவோம். தோல் சீவிய பருப்பு காற்றுப் பட்டால் மெல்ல நிறம் மாறும், உலர்த்தும் சூட்டிலும் மங்கும். அதைத் தடுக்கத்தான் மெட்டாபைசல்பைட் என்ற சல்பைட் கரைசல். 223 என்பது சோடியம் மெட்டாபைசல்பைட், 224 அதன் பொட்டாசியம் தம்பி. இது இல்லாமலும் செய்யலாம், செய்கிறார்கள். அந்தப் பொடி கொஞ்சம் பால் மஞ்சளாக இருக்கும், வைக்க வைக்க இன்னும் மஞ்சளாகும். நம் கடைக்காரர்களோ வெள்ளை வெளேர் என்று கேட்கிறார்கள்.

வாடை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பொடியில் மிஞ்சும் அளவு மூக்குக்கு எட்டாது. அலசினால் கொஞ்சம் போகும், ஆனால் ஒரு பங்கு தேங்காயோடு பிணைந்து நின்றுவிடும், பொடியும் கெட்டுவிடும். லேபிள்தான் வழி. நம் நாட்டு விதிப்படி கிலோவுக்கு 10 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சல்பைட் இருந்தால் ஒவ்வாமை எச்சரிக்கையாகச் சொல்லியாக வேண்டும். எவ்வளவு என்று எண் போட வேண்டியதில்லை, அதுதான் சங்கடம்.

நம்பர் எல்லாம் விஷமில்லை அண்ணா. பெரும்பாலோருக்கு இது ஒன்றும் செய்யாது, ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு சிறு பங்குக்குத்தான் இழுப்பைத் தூண்டும். ஆனால் அத்தை, ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரவிதி டி.சி.க்கு அனுமதிக்கும் உச்சம் கிலோவுக்கு 200 மில்லிகிராம். உங்கள் பொடி அந்த உச்சத்தில் இருந்தாலும் கால் கிலோவில் 50. இருபது துண்டு போட்டிருந்தால் துண்டுக்கு இரண்டரை மில்லிகிராம், பையன் சாப்பிட்ட இரண்டில் ஐந்து. கிளறும்போது அதிலும் கொஞ்சம் ஆவியாகப் போயிருக்கும். மிகவும் உணர்வுள்ள குழந்தைக்கு இதுவே போதும் என்று டாக்டர் சொல்லலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் பர்பி மேல் திராட்சை ஏதும் வைத்தீர்களா? பொன்னிறத் திராட்சையா?

திருப்பூர் நிட்டிங்

தேங்காய் என்றதும் கேட்கிறேன், அப்பாவுக்குச் சர்க்கரை. டப்பாவில் வரும் இளநீர் தினமும் ஒன்று குடிக்கிறார், 'இயற்கை' என்று போட்டிருக்கிறது. அதிலும் இந்த வீசிங் மருந்து கலக்கிறார்களா?

பொள்ளாச்சி லேப்

வீசிங் மருந்து இல்லை தம்பி, வீசிங்கைத் தூண்டக்கூடியது. உங்களுக்கு முதலில் வேண்டியது சர்க்கரை வரிதான். சத்து அட்டவணையில் 'மொத்தச் சர்க்கரை', 'சேர்த்த சர்க்கரை' என்று இரண்டு வரி இருக்கும். இளநீரிலேயே நூறு மில்லிக்கு ஏறக்குறைய நான்கு ஐந்து கிராம் இருக்கும், அதனால் மொத்தம் பூஜ்யமாகாது. சேர்த்ததில் எண் இருந்தால், இனிப்பு குறைந்த முற்றிய காய்த் தண்ணீரைச் சரிக்கட்டியிருக்கலாம். இருநூறு மில்லி டப்பாவில், சேர்க்காமலே எட்டு முதல் பத்து கிராம் போகிறது. அப்பாவுக்கு அது ஆகுமா என்பதை அவர் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

சில டப்பாவில் 223 இருக்கும், சிலதில் வைட்டமின் சி. இளநீர் இளஞ்சிவப்பாக மாறாமலிருக்க. சிவந்தது என்பதற்காக மட்டும் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

ஈரோடு புதுமருமகள்

நான் வாங்கிய தேங்காய்ப்பால் டின்னைத் திறந்தால் மேலே கட்டி, கீழே தண்ணீர். கெட்டுவிட்டது என்று கொட்டப் போனேன். மாமியார், "கண்ணு, அரிசிம்பருப்புக்குப் பால் பிழிந்து வைத்தால் மேலே ஏடு நிற்பதைப் பார்த்ததில்லையா" என்றார். இன்னொரு கம்பெனி டின் எவ்வளவு நாள் வைத்தாலும் ஒரே மாதிரி வழவழவென்று. அதில்தான் கலப்படமா?

பொள்ளாச்சி லேப்

மாமியார் சொன்னது சரி. வழவழ டின்னில் 412 பாருங்கள், அது கொத்தவரை வகை விதையிலிருந்து வரும் கோந்து. 435 இருந்தால் கொழுப்பையும் நீரையும் சேர்த்து வைக்கும் பொருள். கலப்படமில்லை, ஆனால் பால் நீர்த்திருந்தாலும் கோந்து கெட்டியாகக் காட்டும். அதனால் கெட்டியைப் பார்க்காமல் கொழுப்பைப் பாருங்கள். கோடெக்ஸில் தேங்காய்ப்பால் என்றால் குறைந்தது பத்து சதவீதம், 'லைட்' என்றால் ஐந்து. சில டின்னில் 224-ம் உண்டு, உடுமலை அத்தை கவனிக்க.

காங்கயம் களத்துக்காரர்

கொத்தவரங்காயையா ஊற்றுகிறார்கள்! சரி, நான் துருவிக்கொள்கிறேன்.

உடுமலை அத்தை

திராட்சையைக் கேட்டீர்களே தம்பி. ஆமாம், பொன்னிறம்தான், சந்தையில் நூறு கிராம் நிறுத்து வாங்கியது, லேபிளே கிடையாது. நெய்யில் வறுக்க வைத்திருந்ததைப் பையன் கைநிறைய அள்ளித் தின்றான் என்று அண்ணி இப்போதுதான் சொல்கிறாள்.

பொள்ளாச்சி லேப்

அந்த நிறத்துக்குப் பெரும்பாலும் கந்தகம்தான் காரணம். வெளுத்த திராட்சைக்குக் கோடெக்ஸ் உச்சம் கிலோவுக்கு 1500 மில்லிகிராம். கைப்பிடி பத்து கிராம் என்று வைத்தால், உச்ச அளவில் பதினைந்து மில்லிகிராம். உங்கள் பர்பியைப் போல மூன்று மடங்கு. ஆனால் லேபிளில்லாத திராட்சையில் உண்மையில் எவ்வளவு இருந்தது என்று நீங்களும் நானும் சொல்ல முடியாது. இரண்டையும் டாக்டரிடம் சொல்லுங்கள், வீட்டில் மறுபடி கொடுத்துச் சோதிக்க வேண்டாம்.

உடுமலை அத்தை

வெள்ளிக்கிழமை போகிறோம். பாக்கெட்டையும் மிச்சத் திராட்சையையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். அண்ணி இன்னும் திராட்சையை ஒத்துக்கொள்ளவில்லை, பர்பிதான் என்கிறாள்.