ஓப்பன் பைட், டீப் பைட், டங் த்ரஸ்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

தக்கலை மொழிபெயர்ப்பாளர்:
பல்சீரமைப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். டீப் பைட்டுக்கு ‘ஆழ்கடி’ என்று எழுதினால், படித்தவர்கள் நாய்க்கடிக் காயம் என்றே எண்ணுகிறார்கள். ஓப்பன் பைட்டைப் ‘பல்லிடைவெளி’ எனலாமா? டங் த்ரஸ்ட்டுக்கு ‘நாத்தள்ளல்’ போதும். அந்த இடைவெளியை உண்டாக்குவதே நாக்குத்தானே.

குளச்சலிலிருந்து ஒரு தாய்:
என் மகளுக்கும் மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறது. அதுவும் இதுதானா ஐயா?

நாகர்கோவில் பல் மருத்துவர்:
இல்லை அம்மா, அது வேறு. உங்கள் கேள்வியே ‘பல்லிடைவெளி’ பொருந்தாது என்பதைக் காட்டிவிட்டது. ஓப்பன் பைட்டில் கடைவாய்ப் பற்கள் இறுக மூடியிருக்க, மேல் முன்பற்களும் கீழ் முன்பற்களும் ஒன்றையொன்று எட்டாமல் நிற்கும். இயல்பான வாயில் மேற்பல் கீழ்ப்பல்லை இரண்டு மூன்று மில்லிமீட்டர் கவிந்திருக்கும். கவிவு மிகுந்து, கீழ்ப்பற்கள் மறைந்து, சிலருக்கு அண்ணத்தில் குத்திப் புண்ணாக்குவது டீப் பைட். ஆகவே ‘கவிவின்மை’, ‘மிகைக்கவிவு’ என்ற இணையை முன்வைக்கிறேன்.

நாக்கு பற்றிய கருத்தில் பாதிதான் உண்மை. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி நேந்திரங்காய் வற்றலை முன்பல்லால் கடிக்க முடியாமல் ஓரப்பல்லுக்குத் தள்ளித்தான் கடித்தாள். கவிவின்மை நான்கு மில்லிமீட்டர், விரல் சூப்பும் வலப்பக்கத்தில் சற்று அதிகம். ஒரு வாய் தண்ணீரை விழுங்கச் சொன்னபோது உதடுகள் இறுகி, மோவாய்த் தோல் சுருங்கி, நாக்கு நுனி அந்த வழியே எட்டிப் பார்த்தது. ஆனால் ஒரு விழுங்கலுக்கு ஏறத்தாழ ஒரு நொடிதான்; ஒரு நாளின் விழுங்கல்களையெல்லாம் கூட்டினாலும் பல்லை நகர்த்தும் அளவுக்கு நேரம் தேறாது. முன்பற்களுக்கிடையே திறந்திருக்கும் வழியை அடைத்து விழுங்கவே நாக்கு பெரும்பாலும் முன்வருகிறது. மணிக்கணக்கில் பற்களுக்கிடையே ஓய்ந்து கிடக்கும் நாக்கின் மெல்லிய அழுத்தமே கெடுதி செய்யும். ஆகவே நாத்தள்ளலோடு, நாக்கு இப்படிக் கிடப்பதைக் குறிக்க ‘நாக்கிடை’ என்ற சொல்லும் வேண்டும்.

முதலில் விரல் சூப்புவதை நிறுத்தவைத்தோம். பெரும்பகுதி தானே மூடியது. எஞ்சியதற்கு மேல் முன்பற்களின் பின்னே கம்பித்தடுப்பு பொருத்தினோம். மூடிய பிறகும் சில மாதங்கள் அதைக் கழற்றவில்லை; நாக்கு பழைய இடத்திற்குத் திரும்பினால் பற்களும் திரும்பிவிடும்.

மார்த்தாண்டம் மாணவர்:
எங்கள் வீட்டில் அண்ணனுக்கு வயது இருபத்து நான்கு. அவருக்கும் இந்தத் தடுப்பு போதுமா ஐயா?

நாகர்கோவில் பல் மருத்துவர்:
தாடை வளர்ச்சியே காரணமாகி, முகம் நீண்டிருந்தால் தடுப்பு மட்டும் உதவாது. எலும்பில் சிறு திருகாணி பொருத்திக் கடைவாய்ப் பற்களை உள்ளே அமிழ்த்தினால் கீழ்த்தாடை மேலே சுழன்று முன்பக்கம் மூடும். கடுமையானால் தாடை அறுவை. எக்ஸ்ரே பாராமல் எதுவென்று சொல்ல இயலாது.

தக்கலை மொழிபெயர்ப்பாளர்:
மிகைக்கவிவை ஏற்கிறேன். ‘நாக்கிடை’ என்பதை இடைவெளி என்று படித்துவிடுவார்கள்; ‘நா இருப்பு’ நலம். ஆனால் முன்பற்கள் பொருந்தி, கடைவாய்ப் பற்கள் மட்டும் எட்டாமல் நிற்பதும் ஓப்பன் பைட்தானே? அங்கே ‘கவிவின்மை’ எப்படிப் பொருந்தும்?