தெலுக் இந்தான்: குழிக்குள் ஊறும் தண்ணீர், பம்பா பைலிங்கா?

தோட்டத்துச் செல்வி: தெலுக் இந்தான் பக்கம், செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இரண்டு மாடி வீடு கட்டுகிறோம். ஒன்றரை மீட்டர் குழியில் இரண்டு பம்ப் ஓடியும் தண்ணீர் வற்றவில்லை. அடிமண் உப்பி எழும்புகிறது. பெரிய பம்ப் போடலாமா, ஆழமாகத் தூண் இறக்கும் பைலிங்குக்கு மாறலாமா?

கொந்தரக்டர் மணியம்: பெரிய பம்ப்தான் தங்கச்சி. மூலையில் பள்ளம் எடுத்து அதில் இறக்குங்கள். அடியில் சதுப்புநில மரமான பாக்காவ் கட்டை அடித்து, அதன்மேல் ஆழமில்லாத ஃபூட்டிங் அடித்தளம் போடுங்கள். இங்கே பழைய வீடுகள் பாதி அப்படித்தான் நிற்கின்றன.

களிமண்: 1885இல் இந்த ஊரில் கட்டிய கோபுரமும் நிற்கிறது அண்ணே, சாய்ந்துகொண்டு! பாக்காவ் எப்போதும் தண்ணீருக்குள் இருந்தால் கெடாது, அது உண்மை. ஆனால் அடிமண் உப்புவது வேறு சங்கதி. செல்வி, கீழே என்ன மண்? தண்ணீர் எந்த மட்டம்?

தோட்டத்துச் செல்வி: கையால் துளை போட்டார்கள். 2.5 மீட்டர் வரை களிமண், அப்புறம் பொடி மணல். அதில் இறக்கிய குழாயில் தண்ணீர் தரைக்கு 0.6 மீட்டர் கீழே நிற்கிறது.

களிமண்: அப்படியென்றால் குழிக்கு அடியில் களிமண் ஒரு மீட்டர்தான் மிச்சம். அதன் எடை சதுர மீட்டருக்குச் சுமார் 16 கிலோநியூட்டன். மணலில் உள்ள தண்ணீர் 1.9 மீட்டர் உயர அழுத்தத்தோடு கீழிருந்து தள்ளுகிறது, அது 19. தள்ளுவது ஜெயிக்கிறது. குழியை இறைக்க இறைக்க மேலிருந்து அழுத்தும் தண்ணீர்தான் போகும். பம்பை நிறுத்தித் தண்ணீர் ஏறவிடுங்கள்.

பைல் போட்டால் அதன் தலைக்கட்டுக்கு 0.9 மீட்டர் தோண்டினாலே போதும். 1.6 மீட்டர் களிமண் மிஞ்சும், எடை கிட்டத்தட்ட 26. குழி தாங்கும்.

கொந்தரக்டர் மணியம்: மணலுக்குள் வெல்பாயின்ட் என்ற உறிஞ்சு குழாய்களை இறக்கித் தண்ணீரை எடுத்தால் அந்த அழுத்தம் இறங்குமே தம்பி?

களிமண்: இறங்கும். ஆனால் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் சுற்றியுள்ள இளகிய மண்ணுக்குச் சதுர மீட்டருக்குப் பத்து கிலோநியூட்டன் கூடுதல் பாரம். பக்கத்து வீடும் சேர்ந்து அமுங்கும். இறைத்த தண்ணீரை வாளியில் தெளியவிட்டுப் பாருங்கள். தொடர்ந்து மணல் படிந்தால், அயல் வீட்டுக்கு அடியில் இருந்தும் மண் வருகிறது என்று வையுங்கள்.

பாரிட் ஓரம்: என் வீடு பைல், பின்னால் நீட்டிய சமையலறை ஃபூட்டிங். நடுவில் விரல் நுழையும் விரிசல். எந்த சிமெண்டு பூசலாம்?

களிமண்: எதுவும் நிற்காது. ஒன்று அமுங்குகிறது, மற்றது அமுங்கவில்லை. இடைவெளியை அப்படியே விட்டு, நெகிழ்ந்து கொடுக்கும் பூச்சு போடுங்கள்.

கொந்தரக்டர் மணியம்: சரி, பைல் அடித்தால் அதிராதா? பக்கத்துச் சுவர் அப்போது பிளக்காதா?

களிமண்: பிளக்கலாம். அழுத்தி இறக்கும் இயந்திரம் அதிராது, ஆனால் அதன் எடைக்கு இந்த மண்ணில் முதலில் கல் கொட்டித் தளம் போடணும். செலவு உங்களுக்கே தெரியும். பைல் நீளம் எவ்வளவு என்று, கையால் கம்பி அடித்து மண்ணைச் சோதிக்கும் மெக்கிந்தோஷ் புரோப்பை நம்பிச் சொல்லாதீர்கள், அது 15 மீட்டரோடு நின்றுவிடும். ஆழத் துளை போட்டு மண்ணைச் சோதிக்கும் போர்ஹோல் வேண்டும்.

கொந்தரக்டர் மணியம்: போர்ஹோல் காசுக்கு ஒரு ரூம் கட்டலாம் லா.

தோட்டத்துச் செல்வி: பம்பை நிறுத்தியாச்சு. பக்கத்து வீட்டு அங்கிள் சுவரில் பென்சில் கோடு போட்டு வைத்திருக்கிறார், அது என்னத்துக்கு என்று கேட்கத்தான் பயம்.