10 சதவீத விற்பனை குறைந்ததில் லாபம் பாதியானது: வழி சொல்லுங்கள்

வணக்கம். திருப்பூரில் கூலிக்கு நிட்டிங் செய்யும் சிறிய யூனிட் நடத்துகிறேன். மாதம் 50,000 கிலோ துணி ஓட்டினால், கிலோவுக்கு 16 ரூபாய் கூலியில் 8 லட்சம் வருகிறது. ஊசி, எண்ணெய், ஓடும் அளவுக்கான மின்சாரம், கிலோ கணக்குக் கூலி ஆகியவற்றுக்குக் கிலோவுக்கு 6 ரூபாய் போக 5 லட்சம் மிஞ்சுகிறது. வாடகை, மாதச் சம்பளம், ஒப்பந்தம் செய்த உச்ச மின் தேவைக்கான டிமாண்ட் சார்ஜ், தேய்மானம் ஆகிய நிலையான செலவுகள் 4 லட்சம். லாபம் 1 லட்சம்.

சென்ற மாதம் 45,000 கிலோதான் ஓடியது. மிஞ்சியது நாலரை லட்சமாகக் குறைந்தும் அந்த 4 லட்சம் அப்படியே நின்றதால், லாபம் 50,000 ஆகிவிட்டது. லாப நட்டமற்ற புள்ளி 40,000 கிலோ என்பதால் நட்டம் வருமுன் விற்பனை எவ்வளவு குறையலாம் என்ற பாதுகாப்பு எல்லை 20 சதவீதம்தான். விற்பனை மாறும் சதவீதத்தைப் போல லாபம் எத்தனை மடங்கு மாறும் என்ற ஆபரேட்டிங் லெவரேஜ் 5 மடங்கு. ஒன்றின் தலைகீழ்தான் மற்றொன்று என்பது கணக்குப் போட்டபோதுதான் எனக்குப் புரிந்தது.

சம்பளத்தில் 1 லட்சத்தைக் கிலோவுக்கு 2 ரூபாய்க் கூலியாக மாற்றினால், லாப நட்டமற்ற புள்ளி 37,500 கிலோவுக்கு இறங்கி, இதே சரிவில் லாபம் 60,000 ஆக நிற்கும். ஆனால் ஆர்டர் கூடும் மாதங்களில் லாபம் குறைவாகவே உயரும். வேலை குறைந்த மாதத்தில் வருமான இழப்பு தொழிலாளர் தலையில் விழும் என்பதும் என்னை உறுத்துகிறது.

கூலியில் கைவைக்காமல் நிலையான செலவைக் குறைத்தவர்கள், குறிப்பாக ஒப்பந்த மின் தேவையைக் குறைத்துப் பார்த்தவர்கள், தங்கள் அனுபவத்தைத் தயவுசெய்து எழுதுங்கள்.