பொருள்: பக்கத்தின் இணைப்பு போதாது, அந்தப் பதிவின் இணைப்பே வேண்டும்

அனுப்பியவர்: கதிரேசன் (செயலாளர்)

உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சங்கக் கூட்டத்தில் எடுத்த படங்களைப் போட்டு, நம் பெயரில் பணம் கேட்கும் ஃபேஸ்புக் பக்கத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். நன்றி. ஆனால் நீங்கள் அனுப்பிய இணைப்புகள் எல்லாமே அந்தப் பக்கத்தின் முகப்பில்தான் கொண்டுபோய் விடுகின்றன. அங்கே தினமும் புதிதாக ஏதாவது போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நம் படம் இருக்கும் பதிவு எங்கோ கீழே போய்விட்டது. படத்தைத் திருடியதாகப் புகார் கொடுக்கும் படிவத்தில், எந்தப் படம், எந்தப் பதிவு என்று நேராகப் போய் நிற்கும் முகவரியைக் கேட்கிறார்கள். முகப்பைக் கொடுத்தால் அதில் எதைப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியாது.

நம்மில் பாதிப் பேரிடம் கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது. செயலியிலிருந்தே அந்த ஒரு பதிவின் இணைப்பை எடுப்பது எப்படி? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அனுப்பியவர்: ரவி

கதிரேசன் அண்ணா, இது சுலபம். பதிவுக்கு அடியில் Share இருக்கும். அதைத் தொட்டால் வரும் பட்டியலில் Copy link இருக்கும். எடுத்து மடலில் ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு கேள்விக்குறியிலிருந்து கடைசிவரை அழித்துவிடுங்கள். அதெல்லாம் யார் பகிர்ந்தார்கள் என்று கணக்கு வைக்க ஒட்டிவிடும் வால். இணைப்புக்கு அது தேவையே இல்லை. நான் எல்லா இணைப்பையும் இப்படித்தான் வெட்டி அனுப்புவேன்.

அனுப்பியவர்: மாலதி

ரவி சொன்ன முதல் பாதி சரி. இரண்டாவது பாதியை ஃபேஸ்புக்கில் அப்படியே செய்தால் இணைப்பு கெட்டுவிடும். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், எல்லோருக்கும் ஏன் முகப்பின் இணைப்பே கிடைக்கிறது? பதிவைத் திறக்கிறோம் என்று நினைத்து, மேலே இருக்கும் பெயரையோ வட்டப் படத்தையோ தொடுகிறோம். அது பதிவைத் திறக்காது, பக்கத்தைத்தான் திறக்கும். அங்கேயும் மூன்று புள்ளி இருக்கும், அதற்குள்ளும் இணைப்பை நகலெடுக்கும் வசதி இருக்கும். அதை எடுத்தால் பக்கத்தின் முகவரிதான் வரும். செயலியும் "நகலெடுத்தாயிற்று" என்று சொல்லிவிடும். அதனால் நமக்குச் சந்தேகமே வராது.

எனவே பெயரைத் தொடாதீர்கள். பதிவின் கீழே கருத்துகள் என்று இருப்பதைத் தொட்டு, அந்த ஒரு பதிவு மட்டும் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தப் பதிவுக்குரிய Share, அதற்குள் Copy link. சில கைப்பேசிகளில் கீழ்வரிசைப் படங்களைப் பக்கவாட்டில் தள்ளினால்தான் அது கண்ணில் படும். எழுத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து வரும் Copy வேறு. அது எழுத்தை மட்டும் எடுக்கும், இணைப்பை எடுக்காது.

ஒட்டியதும் முகவரியை ஒருமுறை படித்துப் பாருங்கள். பக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும்:

```
facebook.com/பக்கத்தின்பெயர்
facebook.com/profile.php?id=எண்
```

பதிவு என்றால் இவற்றில் ஏதோ ஒரு வடிவம்:

```
facebook.com/share/p/குறியீடு/
facebook.com/பெயர்/posts/குறியீடு
facebook.com/permalink.php?story_fbid=எண்&id=எண்
```

செயலியில் எடுத்தால் பெரும்பாலும் முதல் வடிவம்தான் வரும். `/share/` என்பதற்குப் பின்னால் `p` இருந்தால் பதிவு. `r` என்றால் ரீல், `v` என்றால் காணொளி.

இப்போது ரவியின் வாலுக்கு வருவோம். மூன்றாவது வடிவத்தைப் பாருங்கள். அந்தப் பதிவு எது என்று சொல்லும் எண் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் இருக்கிறது. அதை வெட்டினால் மிஞ்சுவது `permalink.php` மட்டும். அதை வைத்து எந்தப் பதிவுக்கும் போக முடியாது. யூடியூபின் நீளமான முகவரியும் அப்படித்தான், `watch?v=` என்பதற்குப் பிறகு இருப்பதுதான் காணொளியின் அடையாளம். கேள்விக்குறிக்குப் பின்னால் `story_fbid`, `fbid`, `id`, `v` என்று இருந்தால் விட்டுவிடுங்கள். `mibextid`, `igsh`, `si` என்று இருந்தால் வெட்டலாம். சந்தேகமாக இருந்தால் வெட்டாமலே அனுப்புங்கள். வால் இருந்தாலும் இணைப்பு திறக்கும்.

அனுப்பியவர்: ரவி

மாலதி அக்கா, இன்ஸ்டாகிராமில் வெட்டி எனக்கு ஒருமுறைகூடப் பிரச்சினை வந்ததில்லையே?

அனுப்பியவர்: மாலதி

வராது. இன்ஸ்டாகிராமில் அடையாளம் கேள்விக்குறிக்கு முன்னாலேயே முடிந்துவிடும்: `instagram.com/p/குறியீடு/` அல்லது `/reel/குறியீடு/`. உங்கள் பழக்கம் அங்கே வேலை செய்யும். எக்ஸிலும் செய்யும், அங்கே `status/` என்பதற்குப் பின் வரும் எண்தான் பதிவு. அந்த எண் சரியாக இருந்தால் கணக்கின் பெயரை மாற்றினாலும் பழைய இணைப்பு அதே பதிவுக்குப் போகும். பக்கத்தின் இணைப்பைவிடப் பதிவின் இணைப்பு உறுதியானது என்று நான் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

அனுப்பியவர்: சுப்பையா

பிள்ளைகளுக்கு வணக்கம். என் படத்தையும் பெயரையும் போட்டு யாரோ ஒரு கணக்குத் தொடங்கி, என் நண்பர்களிடம் அவசரமாகப் பணம் வேண்டும் என்று கேட்கிறார்கள். அந்தக் கணக்கில் பதிவு எதுவுமே இல்லை. மாலதி சொன்னபடி Share எங்கே இருக்கிறது என்று தேடித் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. பதிவே இல்லாதபோது எதை எடுப்பது?

அனுப்பியவர்: மாலதி

ஐயா, உங்களுடையது வேறு விஷயம். தேட வேண்டாம். உங்களைப் போல நடிப்பது அந்தக் கணக்கு. ஆகவே கணக்கின் இணைப்புதான் உங்களுக்கு வேண்டும், பதிவின் இணைப்பு அல்ல. அந்தக் கணக்கின் முகப்புக்குப் போய், பெயருக்குக் கீழோ மேலோ இருக்கும் மூன்று புள்ளியைத் தொடுங்கள். அங்கேயே புகார் செய்யும் வழி இருக்கிறது. என்னைப் போல நடிக்கிறார்கள் என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதே இடத்தில் முகப்பின் இணைப்பை நகலெடுத்து நண்பர்களுக்கும் அனுப்புங்கள். அந்தக் கணக்கைத் தெரிந்தவர்களும் புகார் செய்யலாம். பெயரை மட்டும் சொல்லி அனுப்பினால், அதே பெயரில் உங்கள் உண்மையான கணக்கும் இருப்பதால் யாராவது உங்களையே புகார் செய்துவிடுவார்கள்.

அனுப்பியவர்: ஃபாத்திமா

கதிரேசன் அண்ணா, மாலதி அக்கா சொன்னபடி செய்தேன். `share/p/` என்று வந்தது. எனக்குத் திறக்கிறது. தம்பிக்கு அனுப்பினால் "This content isn't available right now" என்று வருகிறதாம். அழித்துவிட்டார்களா? இன்னொன்று, அந்தப் பதிவில் நிறையப் படங்கள் இருக்கின்றன. நம்முடையவை இரண்டு மட்டும். மற்றவை வேறு யாருடையவையோ. முழுப் பதிவையும் கொடுப்பதா?

அனுப்பியவர்: மாலதி

உங்களுக்குத் திறக்கிறது என்றால் அழிக்கவில்லை. தம்பிக்குக் காட்டவில்லை, அவ்வளவுதான். பதிவில் பெயருக்குக் கீழே நேரம் இருக்கும், அதன் பக்கத்தில் ஒரு சிறு குறி இருக்கும். உலக உருண்டை என்றால் யாரும் பார்க்கலாம். இரண்டு தலைகள் என்றால் நண்பர்களுக்கு மட்டும். மூடிய குழுவுக்குள் போட்ட பதிவு என்றால் குழுவில் இருப்பவர்களுக்கு மட்டும். இணைப்பு சரியாக இருந்தாலும் பூட்டைத் திறக்கும் வேலையை அது செய்யாது. உருண்டைதான் இருக்கிறது என்றால், அந்தப் பக்கம் தம்பியைத் தடுத்திருக்கலாம். அவர் முன்பு அங்கே போய்க் கருத்து எழுதினாரா என்று கேளுங்கள்.

சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மடலில் இருக்கும் இணைப்பைத் தொட்டால் கைப்பேசி செயலியையே திறந்துவிடும், நீங்கள் உங்கள் கணக்கிலிருந்து பார்ப்பதுபோல ஆகிவிடும். அதற்குப் பதிலாக உலாவியில் ஒரு மறைநிலைச் சாளரம் திறந்து முகவரிக் கட்டத்தில் ஒட்டுங்கள். பதிவு தெரிந்தால் யாருக்கும் தெரியும். உள்நுழையச் சொன்னால் இணைப்பு தவறு என்று முடிவு கட்ட வேண்டாம், ஃபேஸ்புக் அப்படிக் கேட்பது வழக்கம். பதிவு திறந்தால் மேலே முகவரி நீள வடிவத்துக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். அதில் பக்கத்தின் அடையாளமும் பதிவின் அடையாளமும் சேர்ந்தே இருக்கும்.

படங்களைப் பற்றிய கேள்வி முக்கியமானது. பல படங்கள் உள்ள பதிவில் ஒவ்வொரு படத்துக்கும் தனி முகவரி உண்டு. நம் படத்தைத் தொட்டுத் திறங்கள், அது மட்டும் திரையில் நிற்கும்போது அதற்குரிய பகிர்தலிலிருந்து இணைப்பை எடுங்கள். உலாவியில் திறந்தால் இப்படி இருக்கும்:

```
facebook.com/photo/?fbid=எண்&set=குறியீடு
```

இங்கேயும் கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதை வெட்டக் கூடாது. உங்களுக்கு மொத்தம் மூன்று இணைப்புகள் வரும்: நம் படங்கள் இரண்டு, பணம் கேட்கும் வாசகத்தோடு முழுப் பதிவு ஒன்று. படத் திருட்டுப் புகாருக்கு முதல் இரண்டும். ஏமாற்றுப் பதிவு என்ற புகாருக்கு மூன்றாவது. இரண்டு புகாரையும் கலக்காதீர்கள். மற்றவர்களின் படங்களைப் பற்றி நாம் புகார் சொல்ல முடியாது.

இணைப்போடு திரைப்பிடியும் எடுத்து வையுங்கள். அவர்கள் பதிவை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டால் இணைப்பு புதிதாகிவிடும், பழையது செத்துவிடும். ஸ்டோரியில் போட்டிருந்தால் 24 மணி நேரத்தில் தானாகவே போய்விடும், அதற்கு இணைப்பை நம்பி உட்கார முடியாது.

அனுப்பியவர்: ஃபாத்திமா

தம்பி போய்த் திட்டி எழுதியிருக்கிறான் அக்கா. தடுத்துத்தான் வைத்திருக்கிறார்கள். மறைநிலைச் சாளரத்தில் பதிவு தெரிகிறது. மூன்று இணைப்புகளையும் செயலாளருக்குத் தனி மடலில் அனுப்பிவிட்டேன்.

அனுப்பியவர்: கதிரேசன் (செயலாளர்)

ஃபாத்திமா, மூன்றும் திறக்கின்றன. முழுப் பதிவை ஏமாற்று என்று நான் புகார் செய்துவிட்டேன். மற்றவர்களும் அதே பதிவிலிருந்தே செய்யுங்கள், அந்தப் பக்கத்தில் போய்க் கருத்து எழுத வேண்டாம். தடுத்துவிட்டால் உங்களால் அந்தப் பதிவைப் பார்க்கவே முடியாது.

படத் திருட்டுப் படிவம் மட்டும் நிற்கிறது. படத்தின் உரிமையாளரோ அவர் சார்பில் பேச உரிமை பெற்றவரோதான் அதை நிரப்பலாம் என்று இருக்கிறது. படத்தில் இருப்பவர்கள் நாம்தான், ஆனால் எடுத்தவர் யார்? மேடைப் படத்தை எடுத்தது நம் ரவி என்று நினைக்கிறேன். குழுப்படத்தை எடுத்தவர் இந்த மடற்குழுவில் இருக்கிறாரா?

அனுப்பியவர்: ரவி

மேடைப் படம் என்னுடையதுதான் அண்ணா. அசல் கோப்பு என்னிடம் இருக்கிறது, படிவத்தை நானே இன்று நிரப்புகிறேன். இந்த முறை இணைப்பில் எதையும் வெட்டவில்லை. குழுப்படத்தில் நானும் நிற்கிறேன், அதனால் எடுத்தது நான் இல்லை. சுப்பையா ஐயாவின் மருமகன் கையில் அன்று ஒரு கேமரா இருந்தது. ஐயா, கேட்டுச் சொல்கிறீர்களா?